வட்டி வித்தியாசத்துக்கு இறைவரிக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுவது எப்படி?

*ஐயா, நான் உவர்மலையில் இருக்கிறேன், தனியார் நிறுவனமொன்றில் மாதம் 110,000 ரூபா சம்பளம். 2023/24 வருமான வரி விவரத்திரட்டை ஒன்லைனில் நானே போட்டேன். சம்பளத்தில் பிடித்தது போக 25,080 ரூபா வரியும் கட்டினேன். இப்போது உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்திருக்கிறது. நான் வட்டி வருமானம் 399,000 என்று காட்டினேனாம், வங்கிகள் கொடுத்த விவரத்தில் 600,000 இருக்கிறதாம், 201,000 வித்தியாசத்துக்கு ஆதாரத்தோடு விளக்கம் தரட்டாம். எனக்கு 20 இலட்சம் வைப்பு ஒன்று தனியாக இருக்கிறது. 30 இலட்சம் வைப்பு மனைவியோடு கூட்டாக, அதில் பாதி அவர் காணி விற்ற காசு. புத்தகத்தில் மாதாமாதம் விழுந்த வட்டியைக் கூட்டி, கூட்டு வைப்பில் பாதியைத்தான் காட்டினேன். ஆங்கிலத்தில் இப்படிக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. எப்படி எழுதுவது, எதை எதை இணைப்பது? தண்டம் வருமா?*

தண்டக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதை நிம்மதியாக வாசிக்க மாட்டீர்கள். நீங்கள் தந்த எண்களை வைத்துப் பார்த்தால் மேலதிகமாகக் கட்ட வேண்டியது எதுவும் இல்லை. பார்க்கப்போனால் திணைக்களம்தான் உங்களுக்குக் காசு திருப்பித் தர வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கைப் பின்னால் காட்டுகிறேன். ஆனால் அதைப் பெற வேண்டுமென்றால், 201,000 ரூபா எங்கே போனது என்பதை அந்த உத்தியோகத்தர் ஒரு பக்கத்தில் கண்டுகொள்ளும்படி எழுத வேண்டும்.

கடிதத்தை எழுத உட்காரும் முன் கணக்கை முடியுங்கள். ஆங்கிலம் வராததால் கடிதம் வரவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கணக்கு ஒழுங்காகப் பிரியாததால்தான் வசனம் வராமல் நிற்கிறது. கணக்குப் பிரிந்துவிட்டால் எழுத வேண்டிய வசனங்கள் ஐந்தாறுதான்.

வங்கிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் தனி வைப்புக்கு மாதாமாதம் 19,000 ரூபா விழுந்திருக்கும். கூட்டு வைப்புக்கு 28,500. வங்கி உண்மையில் உங்களுக்குக் கொடுத்த வட்டி அது அல்ல. தனி வைப்புக்கு மாதம் 20,000 ரூபா வட்டி, அதில் 5 வீதம், அதாவது 1,000 ரூபாவை முற்பண வருமான வரியாகப் பிடித்துத் திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தைத்தான் கணக்கில் போட்டிருக்கிறது. இதைத்தான் ஏ.ஐ.டி. என்கிறார்கள். கூட்டு வைப்பில் 30,000இலிருந்து 1,500 பிடித்திருக்கிறது. நீங்கள் பார்த்துக் கூட்டியது கையில் வந்த காசை. திணைக்களத்துக்கு வங்கி அறிவித்தது பிடிப்பதற்கு முந்திய முழு வட்டியை. வரிக்குக் காட்ட வேண்டியதும் அந்த முழு வட்டிதான். பிடித்த வரி செலவு அல்ல, நீங்கள் முன்கூட்டியே கட்டிய வரி. அதை விவரத்திரட்டில் வேறு இடத்தில் வரவாகக் கேட்க வேண்டும். நீங்கள் கேட்கவில்லை.

ஆக உங்கள் 201,000க்குள் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று உங்கள் மனைவியின் பங்கு. அது உங்கள் வருமானமே அல்ல, அதைச் சேர்க்காமல் விட்டது சரி. மற்றது நீங்கள் குறைத்துக் காட்டிய ஏ.ஐ.டி. தொகை. அது உங்கள் பிழை. இந்த இரண்டையும் ஒரே வசனத்தில் குழைத்து எழுதினால் சரியானதும் பிழையானது போலத் தெரியும். பிரித்து எழுதினால் உத்தியோகத்தர் முதலாவதை ஏற்றுக்கொண்டு இரண்டாவதைத் திருத்திவிட்டுக் கோவையை மூடலாம்.

பிரிக்கும்போது ஒரு இடத்தில் கவனம் வேண்டும். எப்போதும் அவர்கள் கடிதத்தில் உள்ள எண்ணிலிருந்து தொடங்கி உங்கள் எண்ணுக்கு இறங்குங்கள். உங்கள் 399,000இலிருந்து மேலே ஏறாதீர்கள், உத்தியோகத்தரின் கண் முன்னால் இருப்பது 600,000. அதிலிருந்து மனைவியின் பாதியை, வரி பிடிப்பதற்கு முந்திய முழுத் தொகையாகக் கழியுங்கள். கூட்டு வைப்பின் வருட வட்டி 360,000, பாதி 180,000. மிச்சம் 420,000. இதுதான் நீங்கள் காட்டியிருக்க வேண்டிய வட்டி. அதிலே 5 வீதம் 21,000. அதைக் கழித்தால் 399,000, நீங்கள் காட்டிய தொகை. சதம் பிசகாமல் வந்து நிற்கிறது.

வேறு வழியிலும் இதே இடத்துக்கு வரலாம். முதலில் இரண்டு வைப்புக்கும் பிடித்த மொத்த ஏ.ஐ.டி. 30,000ஐக் கழித்து, பிறகு மனைவிக்குக் கையில் வந்த பாதி 171,000ஐக் கழித்தாலும் 399,000தான் வரும். கூட்டல் சரி, ஆனால் இந்த வழி வேண்டாம். இப்படி எழுதினால் மனைவிக்கு உரிய 9,000 ரூபா ஏ.ஐ.டி.யும் உங்கள் கணக்குக்குள் வந்துவிடும், அதை நீங்கள் வரவாகக் கேட்க முடியாது. இரண்டு வழியையும் கலப்பவர்களும் உண்டு. மனைவிக்கு 180,000, ஏ.ஐ.டி. 30,000 என்று எழுதிவிட்டுக் கூட்டினால் 210,000 வரும். கேட்டது 201,000. எண் இடம் மாறி அச்சாகிவிட்டது என்று நினைத்துப் பேசாமல் அனுப்பிவிடுவார்கள். அந்த 9,000தான் அடுத்த கடிதமாக வரும். உங்கள் பிரிப்பு அவர்கள் கேட்ட தொகைக்குச் சரியாகக் கூடவில்லையென்றால் அனுப்பாதீர்கள்.

வங்கிச் சான்றிதழ் கைக்கு வந்தபின் இந்த எண்கள் கொஞ்சம் மாறவும் கூடும். மதிப்பாண்டு ஏப்ரல் 1 தொடக்கம் மார்ச் 31 வரை. தனியாள் தன் வட்டியைக் கிடைத்த தேதிப்படி காட்டுகிறார். மார்ச் கடைசியில் விழ வேண்டிய வட்டி ஏப்ரல் முதல் வாரம் விழுந்திருந்தால் வங்கியின் பட்டியலும் உங்கள் கூட்டலும் ஒரு மாத வட்டியளவு விலகும். வித்தியாசம் சரியாக 20,000 அல்லது 30,000 என்று வந்தால் முதலில் அந்த இரண்டு மாதப் பதிவுகளைப் பாருங்கள்.

சரி, இனி ஆவணங்கள். இரண்டு வங்கியிலும் 2023/24க்கான ஏ.ஐ.டி. சான்றிதழைக் கேட்டு எடுங்கள். வட்டிச் சான்றிதழ் என்று மட்டும் கேட்டால் சில கிளைகளில் வருட முடிவு மீதியைக் காட்டும் கடிதத்தைத் தந்து அனுப்பிவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியது முழு வட்டி, பிடித்த வரி, யாருடைய பெயரில் பிடித்தது என்ற மூன்றும் உள்ள தாள். கூட்டு வைப்பின் சான்றிதழ் பெரும்பாலும் முதற்பெயர்காரரின் வரி இலக்கத்தில்தான் வரும். உங்கள் சிக்கலுக்கு மூலகாரணமும் அதுதான்: முழு 360,000மும் உங்கள் டின் இலக்கத்தின் கீழ் போயிருக்கிறது. ஆகவே அதே கிளையில் இன்னொரு கடிதமும் கேளுங்கள். அந்த வைப்பு யார் யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதியில் தொடங்கியது, தொடங்கிய காசு எந்தெந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று முகாமையாளர் ஒப்பமிட்ட கடிதம்.

கடைசி விஷயத்தை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கூட்டுக் கணக்கு என்பதால் மட்டும் பாதி உங்கள் மனைவிக்குச் சேராது. கூட்டாக வைத்திருக்கும் முதலீட்டின் வருமானத்தை அவரவர் பங்குக்கு ஏற்பத்தான் பிரிக்க வேண்டும். காசு முழுவதும் உங்களுடையது, வசதிக்காக மனைவியின் பெயரைச் சேர்த்தீர்கள் என்றால் பாதி என்று வாதாடுவது கஷ்டம். உங்கள் நிலை அப்படி இல்லை. காணி விற்ற காசு அவருடைய கணக்கில் விழுந்து, அங்கிருந்து 15 இலட்சம் இந்த வைப்புக்குப் போயிருந்தால் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. அந்த மாற்றம் வங்கிக் கடிதத்தில் எழுதப்பட்டிருந்தால் அதுவே போதும். எழுதித் தராவிட்டால் மனைவியின் புத்தகத்தில் அந்த ஒரு பதிவு உள்ள பக்கத்தைப் பிரதி எடுங்கள். காணி உறுதியை இணைக்க வேண்டாம். அது வட்டிக் கேள்விக்கு விடை அல்ல, காணி எப்போது வாங்கியது, எவ்வளவுக்கு விற்றது என்ற புதுக் கேள்விகளுக்கு வாசல் திறந்துவிடும். கேட்டால் கொடுங்கள், மறைக்க வேண்டியதில்லை. கேட்காததைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள், அவ்வளவுதான். மூன்று வருட வங்கிப் புத்தகத்தை முழுசாகப் போட்டோக்கொப்பி எடுத்துக் கட்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். உத்தியோகத்தர் அதில் வட்டியைத் தேடும்போது வேறு ஏதாவது வரவு கண்ணில் படும், அப்புறம் அதற்கும் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

இப்போது கடிதம். ஒரு வார்த்தை: திருகோணமலையில் தமிழிலேயே பதில் எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறது, வடக்குக் கிழக்கில் தமிழ் நிருவாக மொழி. ஆனாலும் வந்த கடிதம் ஆங்கிலத்தில், கோவையும் ஆங்கிலத்தில், வங்கிச் சான்றிதழ்களும் ஆங்கிலத்தில். மொழிபெயர்ப்புக்காக உங்கள் பதில் ஒரு மேசையில் கிடக்க வேண்டாம் என்றால் ஆங்கிலத்தில் எழுதுவதுதான் கெட்டித்தனம்.

தேதி, உங்கள் பெயர், முகவரிக்குப் பிறகு, கடிதத்தில் ஒப்பமிட்டவரின் பதவியையும் பிரிவையும் அங்கே அச்சிட்டிருப்பது போலவே எழுதுங்கள். ஆணையாளர் நாயகத்துக்குப் போட்டால் வேகமாகப் போகும் என்று நினைக்காதீர்கள், அங்கிருந்து இறங்கி வரவே நாள் பிடிக்கும். அடுத்து மூன்று வரிகள்:

```
Your Ref: ........
TIN: ........
Year of Assessment 2023/2024 - Interest Income
```

முதல் வரியில் அவர்கள் கடிதத்தில் உள்ள இலக்கத்தைக் கோடு, புள்ளி, சாய்கோடு உட்பட அப்படியே போடுங்கள். உங்கள் கடிதம் எந்தக் கோவைக்குள் போக வேண்டும் என்று தபால் பிரிக்கிறவர் அந்த இலக்கத்தை வைத்துத்தான் முடிவெடுப்பார். அவர்கள் கடிதம் சட்டத்தின் ஏதாவது பிரிவைச் சொல்லியிருந்தால் அதையும் அதே இலக்கத்தோடு எழுதலாம். நீங்களாக எங்கோ வாசித்த பிரிவு இலக்கங்களைச் சேர்க்க வேண்டாம்.

உடலை இப்படித் தொடங்குங்கள்:

```
I refer to your letter dated ........ regarding a
difference of Rs. 201,000 in my interest income.
The difference is made up of two items.

1. Rs. 180,000 is my wife's half share of the interest
   on a joint fixed deposit. Please see Annexures 3 to 5.

2. Rs. 21,000 is the Advance Income Tax deducted by the
   banks on my own interest. By oversight I declared the
   net amount received instead of the gross interest.
   Please see Annexures 2 and 3.

My correct gross interest is therefore Rs. 420,000.
A reconciliation is given in Annexure 1.
```

இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நம்முடைய ஆட்கள் இந்த இடத்தில்தான் நாலு பந்தி எழுதுவார்கள்: தான் நேர்மையானவர், இத்தனை வருடம் ஒழுங்காக வரி கட்டியவர், கணினி பழக்கமில்லை, பிள்ளைகள் படிக்கிறார்கள், ஐயா அவர்கள் தயவுகூர்ந்து மன்னிக்க வேண்டும். மரியாதைக்கு எழுதுவதுதான், தெரியும். ஆனால் உத்தியோகத்தர் தேடுவது தொகையையும் அதற்கான தாளையும். மன்னிப்புப் பந்தி நீள நீள, ஏதோ பெரிதாக மறைத்தவர் எழுதியது போல ஒரு தோற்றம் வேறு வரும். பிழையை ஒரு வசனத்தில் ஒப்புக்கொள்ளுங்கள், தொகையோடு.

ஒவ்வொரு வசனத்திலும் ஒரு தொகை, அதன் காலடியிலேயே எந்த இணைப்பைப் பார்க்க வேண்டும் என்ற குறிப்பு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் குறிப்பைக் கடிதத்தின் கடைசியில் மொத்தமாகப் போட்டுவிடாதீர்கள். தொகைகளை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஒரு இடத்தில் 180,000, இன்னொரு இடத்தில் 1.8 இலட்சம், சான்றிதழில் 360,000.00 என்று இருந்தால் வாசிக்கிறவர் ஒவ்வொரு முறையும் நின்று மனதுக்குள் மாற்றிப் பார்க்க வேண்டும். வட்டி என்று வரும் இடமெல்லாம் அது முழு வட்டியா கைக்கு வந்ததா என்பதையும் சொல்லிவிடுங்கள். இந்தத் தகராறே அந்த ஒரு சொல் இல்லாததால் வந்தது.

முதலாவது இணைப்பு நீங்களே தயாரிக்கும் கணக்குத் தாள். அரைப் பக்கம் போதும்:

```
Interest as per your letter          600,000
Less: wife's half share
      (360,000 x 50%)                180,000
My gross interest                    420,000
Less: AIT deducted (5%)               21,000
Interest declared in my return       399,000
```

அதற்குப் பின்னால் மற்ற இணைப்புகள். இவற்றைத் தேதி ஒழுங்கிலோ, கைக்குக் கிடைத்த ஒழுங்கிலோ அடுக்க வேண்டாம். கணக்குத் தாளை மேலிருந்து கீழே வாசிக்கும்போது எந்த எண்ணுக்கு எந்தத் தாள் தேவைப்படுகிறதோ அந்த ஒழுங்கில் அடுக்குங்கள். முதல் எண் 600,000. அது தனி வைப்பின் 240,000மும் கூட்டு வைப்பின் 360,000மும் சேர்ந்தது, ஆகவே இரண்டு ஏ.ஐ.டி. சான்றிதழ்களும் இரண்டாவது, மூன்றாவது இணைப்புகள். அடுத்த எண் மனைவியின் பங்கு. அதற்கு வங்கி முகாமையாளரின் கடிதம் நாலாவது. மனைவி ஒப்பமிட்ட ஒரு சிறு உறுதிக்கடிதம் ஐந்தாவது: வைப்பில் பாதி தன்னுடைய காசு, 180,000 ரூபா வட்டி தன்னுடைய வருமானம் என்று இரண்டு வசனம், கீழே அவருடைய டின் இலக்கம். அவருடைய புத்தகப் பக்கத்தை இணைக்க வேண்டி வந்தால் அதையும் இந்த ஐந்தாவதுக்குள் இரண்டாம் பக்கமாக வையுங்கள். ஆறாவதாகத் திருத்திய வரிக் கணக்கு.

கடிதத்தின் கடைசியில், ஒப்பத்துக்குக் கீழே, இந்த ஆறையும் பட்டியல் போட்டு ஒவ்வொன்றும் எத்தனை பக்கம் என்று எழுதுங்கள். பக்க எண்ணிக்கை எழுதினால் ஒரு தாள் வழியில் கழன்று விழுந்தாலும் திணைக்களத்துக்குத் தெரியும், வரவில்லை என்று பிறகு உங்களிடம் கேட்கவும் அவர்களால் முடியும். ஒவ்வொரு தாளின் வலது மேல் மூலையிலும் இணைப்பு இலக்கத்தைப் பேனையால் பெரிதாகப் போடுங்கள். சான்றிதழில் நீங்கள் பாவித்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். மஞ்சள் மார்க்கர் வேண்டாம், அதை மறுபடி கொப்பி அடித்தால் சில மெசினில் கறுப்புப் பட்டையாக விழுந்து எண்ணே தெரியாமல் போகும். மூலப் பிரதிகளை அனுப்பாதீர்கள். பிரதியில் ஒப்பமிட்டு, மூலத்தைக் கேட்டால் காட்டத் தயார் என்று கடிதத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஆறாவது இணைப்புக்கு வருவோம். உங்கள் சம்பளம் வருடத்துக்கு 1,320,000. நீங்கள் காட்டிய வட்டியோடு மொத்தம் 1,719,000. அந்த ஆண்டுக்குரிய தனியாள் நிவாரணம் 1,200,000 போக 519,000க்கு வரி. முதல் 500,000க்கு 6 வீதம் 30,000, மிச்சம் 19,000க்கு 12 வீதம் 2,280. மொத்தம் 32,280. சம்பளத்தில் பிடித்த 7,200ஐக் கழித்து 25,080 கட்டியிருக்கிறீர்கள். இந்த மட்டும் உங்கள் கூட்டல் கழித்தல் சரிதான்.

சரியான வட்டி 420,000ஐப் போட்டால் வரிக்குரிய தொகை 540,000 ஆகிறது, வரி 34,800. அதாவது 2,520 ரூபா கூடுகிறது. ஆனால் இப்போது கழிக்க வேண்டியது சம்பளத்தில் பிடித்த 7,200 மட்டுமல்ல, வங்கிகள் உங்கள் பங்குக்குப் பிடித்த 21,000மும். இரண்டையும் கழித்தால் நீங்கள் கையால் கட்ட வேண்டியிருந்தது 6,600 ரூபாதான். கட்டியது 25,080. ஆகவே 18,480 ரூபா கூடுதலாகக் கட்டியிருக்கிறீர்கள். ஒரு பேச்சுக்கு, மனைவியின் பங்கையும் உங்கள் தலையில் கட்டி 600,000 முழுவதற்கும் வரி போட்டாலும் மொத்த வரி 56,400. அதில் 7,200மும் வங்கிகள் பிடித்த 30,000மும் போக 19,200. அதுவும் நீங்கள் கட்டியதைவிடக் குறைவு. தண்டத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம் என்று நான் சொன்னது இதனால்தான்.

இந்தத் திருத்திய கணக்கை இணைத்து, விளக்கத்துக்குப் பிறகு கடிதத்தில் இந்த மூன்று வசனங்களைச் சேருங்கள்:

```
A revised computation is given in Annexure 6. I request
that my assessment be amended accordingly, with credit
for AIT of Rs. 21,000 which I did not claim.
I will submit the refund request separately.
```

காசைத் திருப்பிக் கேட்பதை ஏன் தனியாக வைக்கச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். சட்டம் அப்படிச் சொல்கிறது என்பதற்காக அல்ல. விளக்கம் கேட்டவரும் காசு திருப்பித் தரும் விடயத்தைப் பார்ப்பவரும் ஒரே ஆளாக இருப்பது அபூர்வம். இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டால், விளக்கத்தை ஏற்பதே காசு கொடுப்பதற்குச் சம்மதிப்பது போல ஆகிவிடும், கையெழுத்து வைக்க ஆள் தயங்குவார். முதலில் உங்கள் வட்டி 420,000 என்று எழுத்தில் ஏற்கப்படட்டும். பிறகு அந்தக் கடிதத்தையே இணைத்து 18,480ஐக் கேளுங்கள்.

நாளைப் பற்றி ஒன்று. பதிலுக்குக் கொடுத்த கெடுவைக் கடிதத்திலேயே பாருங்கள், கவரின் முத்திரைத் தேதியில் அல்ல. கொழும்பிலிருந்து திருமலைக்கு வரும்போதே அதில் சில நாட்கள் போயிருக்கும். வங்கிச் சான்றிதழ் அதற்குள் வராது போலிருந்தால், கெடு முடியும் முன்பே அதே இலக்கத்தைப் போட்டு, எந்த ஆவணத்துக்காகக் காத்திருக்கிறீர்கள், எந்தத் தேதிக்குள் தருவீர்கள் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னேன், அவர் சரி என்றார் என்பதெல்லாம் கோவைக்குள் ஏறாது. பேசினாலும் அன்றைக்கே பேசியதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் போட்டுவிடுங்கள்.

முழுக் கட்டையும் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை உங்கள் பிரதியில் ஒட்டி வையுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியின் முதல் பக்கத்தில் தேதி முத்திரை அடித்து வாங்காமல் வரக் கூடாது. மின்னஞ்சலிலும் அனுப்ப விரும்பினால் ஒப்பமிட்ட அதே தாள்களை ஸ்கேன் பண்ணி ஒரே பி.டி.எஃப். கோப்பாக அனுப்புங்கள். இரவு ஒரு எண்ணைத் திருத்திவிட்டு மின்னஞ்சலில் புதியதும் தபாலில் பழையதுமாகப் போனால், உங்களுக்குள்ளேயே இரண்டு கணக்கு இருக்கிறது என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

விளக்கத்தை ஏற்காமல் அவர்கள் மேலதிக மதிப்பீடு ஒன்றை அனுப்பினால் அது வேறு கட்டம். மதிப்பீட்டு அறிவித்தலுக்கு எதிராக நிருவாக மீளாய்வு கேட்க 30 நாள் உண்டு. அந்தக் கடிதம் வந்தால் தாமதிக்காமல் ஒரு கணக்காளரிடம் கொண்டுபோங்கள், இந்தக் கட்டோடு. மனைவியின் பங்கு பற்றிய வங்கிக் கடிதம் அப்போதுதான் உண்மையில் பெறுமதியாகும்.

மனைவிக்கும் ஒரு வேலை இருக்கிறது. அவருக்கு வேறு வருமானம் இல்லையென்றால் 180,000 ரூபா வட்டிக்கு வரியே வராது, ஆனால் அவருடைய பங்குக்கு வங்கி 9,000 ரூபா பிடித்திருக்கிறது. அதைத் திருப்பிக் கேட்க அவர் தன் டின் இலக்கத்தில் விவரத்திரட்டுப் போட வேண்டும், கூட்டு வைப்புச் சான்றிதழின் பிரதியும் வங்கிக் கடிதமும் அவருக்கும் தேவைப்படும். ஆகவே வங்கியில் கேட்கும்போதே இரண்டு பிரதி எடுங்கள். அப்படியே அந்த வைப்பின் வட்டியை இரண்டு பேருடைய டின் இலக்கத்துக்கும் பிரித்து அறிவிக்க முடியுமா என்றும் கிளையில் விசாரியுங்கள். 2025 ஏப்ரல் தொடக்கம் இந்தப் பிடிப்பு 10 வீதமாகிவிட்டது. புத்தகத்தில் விழும் தொகையையே கூட்டிக் காட்டிக்கொண்டு போனால் இதே கடிதம் அந்த ஆண்டுக்கும் வரும், அப்போது 21,000 இருக்கும் இடத்தில் 42,000 இருக்கும்.